பட்டியலிட்ட நிறுவனத்தின் மடங்கைத் தனியார் நிறுவனத்துக்குப் பயன்படுத்துவது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

குடும்ப நிறுவனத்திலிருந்து ஒரு பங்குதாரர் விலகும்போது அவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வி எங்கள் உறுப்பினர்களான மதிப்பீட்டாளர்களிடம் வருகிறது. சந்தையில் கைமாறாத பங்குக்கு அன்றாட விலை கிடையாது. ஆகவே அதே தொழிலில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களின் நிறுவன மதிப்பு அவற்றின் எபிட்டாவுக்கு எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த மடங்கால் இந்த நிறுவனத்தின் எபிட்டாவைப் பெருக்குகிறோம். நிறுவன மதிப்பு என்பது எல்லாப் பங்குகளின் சந்தை விலையோடு கடனைக் கூட்டி, ரொக்கத்தைக் கழித்தால் வருவது. எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபம்.

முறை சரியானதே. ஆனால் சராசரி மடங்கை எடுத்து ஒரே பெருக்கலில் முடியும் அறிக்கையில் எங்கள் உறுப்பினர் எவரும் கையெழுத்திடக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம்.

முதல் காரணம் வாடகை. 2019 ஏப்ரல் முதல் பட்டியலிட்ட நிறுவனங்கள் இந்தியக் கணக்கியல் தரநிலை 116-ஐப் பின்பற்றுகின்றன. நீண்டகாலக் குத்தகை அவற்றின் இருப்புநிலைக் குறிப்பில் கடனாக ஏறிவிடுகிறது. அந்த வாடகை எபிட்டாவில் கழிவதில்லை. பட்டியலிடாத சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் பழைய தரநிலையிலேயே இருக்கின்றன. அங்கே வாடகை செலவாகக் கழிகிறது. ஒரே பெயரில் இரண்டு வேறு எபிட்டாக்கள்.

ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் பங்குகளின் சந்தை மதிப்பு 1,000 கோடி, வங்கிக் கடன் 150 கோடி, குத்தகைக் கடன் 100 கோடி, ரொக்கம் 50 கோடி, எபிட்டா 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். நிறுவன மதிப்பு 1,200 கோடி, மடங்கு 12. வாடகையைச் செலவாகக் கழிக்கும் நிறுவனத்தோடு ஒப்பிட, குத்தகைக் கடனை மேலேயிருந்தும் வாடகை 20 கோடியைக் கீழேயிருந்தும் நீக்க வேண்டும். 1,100-ஐ 80-ஆல் வகுத்தால் 13.75. மேலே மட்டும் நீக்கினால் 11, கீழே மட்டும் நீக்கினால் 15. நாங்கள் பார்த்த அறிக்கைகளில் இந்தக் கலப்படம்தான் அதிகம். தரவுத்தளத்திலிருந்து மடங்கை அப்படியே எடுத்தவருக்கு, அது எந்த வகை என்று கேட்டால் பதில் இருக்காது.

இரண்டாவது காரணம், எந்த எபிட்டாவைப் பெருக்குகிறோம் என்பது. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். ஏட்டில் எபிட்டா 10 கோடி. ஆனால் தொழிற்கூடம் அண்ணன் பெயரில் இருக்கிறது; ஆண்டு வாடகை 60 லட்சம்தான் தருகிறார்கள், சந்தை வாடகை 1.8 கோடி. இரண்டு சகோதரர்களும் சேர்ந்து எடுக்கும் சம்பளம் 30 லட்சம். அந்த வேலைக்கு வெளியாட்களை வைத்தால் 1.1 கோடி ஆகும். இரண்டையும் சரிசெய்தால் எபிட்டா 8 கோடி.

இனி மடங்கு. பட்டியலில் கிர்லோஸ்கர் பிரதர்ஸ், கேஎஸ்பி, சக்தி பம்ப்ஸ் இருக்கின்றன. மூன்றும் பம்ப் செய்பவை என்பதால் ஒன்றாகிவிடாது. சக்தி பம்ப்ஸின் வருவாய் அரசுத் திட்டங்களில் போகும் சோலார் பம்புகளைப் பெரிதும் நம்பியது. கேஎஸ்பி மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் விற்கிறது. வீட்டுக் கிணற்றுக்கும் வயலுக்கும் மோட்டார் செய்து, நாலைந்து டீலர்களை நம்பி நிற்கும் நிறுவனத்துக்கு அவற்றின் வளர்ச்சியும் இல்லை, வாடிக்கையாளர் பரவலும் இல்லை. ஆகவே 13.75-லிருந்து 9-க்கு இறங்குவது இந்த உதாரணத்தில் நியாயம் என்று கொள்வோம். இறங்கியது எதற்காக, எவ்வளவு என்பதை அறிக்கை எழுத்தில் சொல்ல வேண்டும்.

8 கோடியை 9-ஆல் பெருக்கினால் 72 கோடி. இது பங்குதாரரின் பணம் அல்ல. கடன்காரர்களின் பங்கும் இதற்குள் இருக்கிறது. வங்கிக் கடன் 18 கோடி, இயக்குநர்கள் போட்ட கடன் 5 கோடி கழித்து, தொழிலுக்குத் தேவைப்படாத ரொக்கம் 3 கோடியைக் கூட்டினால் பங்குகளின் மதிப்பு 52 கோடி. ஏட்டு எபிட்டாவை 12-ஆல் பெருக்கி, வங்கிக் கடனை மட்டும் கழித்திருந்தால் 102 கோடி. கால் பங்கு வைத்திருப்பவருக்கு ஒரு கணக்கில் 13 கோடி, மற்றதில் 25.5 கோடி. இந்த இடைவெளியில் குடும்பங்கள் உடைவதை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம்.

தள்ளுபடிகளில் எங்கள் கருத்து கடுமையானது. சந்தையில் தினமும் கைமாறுவது சிறு பங்குகளின் விலை. எனவே அதிலிருந்து எடுத்த மடங்கில் சிறுபான்மைப் பங்கு என்ற குறைவு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது; மீண்டும் கழிப்பது இரட்டைக் கழிவு. எளிதில் விற்க முடியாது என்பதற்காகக் கழிக்கலாம், ஆனால் பங்கு மதிப்பில் மட்டுமே. மடங்கை இறக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்திருந்தால் கூடாது. ஒருவரை மற்றவர்கள் வெளியேற்றும்போது அந்தக் கழிவையும் நாங்கள் ஏற்க மாட்டோம், ஏனென்றால் அவர் விற்க வாங்குபவரைத் தேடி அலையவில்லை.

நெருங்கிய ஒப்பீட்டு நிறுவனங்கள் மூன்றுக்குக் குறைவாகக் கிடைத்தால், எதிர்கால ரொக்க வரவைக் கொண்டு கணிக்கும் முறையே முதன்மையாக இருக்க வேண்டும்; மடங்கு அதைச் சரிபார்க்க மட்டும். உறுப்பினர்கள் இனி ஒவ்வொரு அறிக்கையிலும் ஒப்பீட்டு நிறுவனங்களின் பெயர், சந்தை விலை எடுத்த தேதி, குத்தகையைக் கையாண்ட விதம், எபிட்டாவில் செய்த ஒவ்வொரு திருத்தம் ஆகியவற்றைத் தனிப் பக்கத்தில் இணைக்க வேண்டும். விலகும் பங்குதாரர் கேட்டால் அந்தப் பக்கத்தைத் தர மறுக்கக் கூடாது.