பாட்டி வீட்டு டிவிக்குப் பழைய கோடெக்கே போதும்



வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் விசேஷ வீடியோவை எடிட் செய்து பென்டிரைவில் அனுப்புகிறார்கள். அதை டிவியில் போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு சதாபிஷேக வீடியோவுக்கு இப்படித்தான் ஆனது. பெரியவர்கள் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிவியில் கோளாறு இல்லை, அனுப்பிய ஃபைல்தான் அதற்குப் புரியவில்லை.

சத்தம் வந்து படம் வராவிட்டால் பெரும்பாலும் காரணம் கோடெக். ஃபைல் பெயரில் .mp4 என்று இருப்பது வெறும் பெட்டி. உள்ளே படம் HEVC முறையில் சுருக்கப்பட்டிருக்கலாம், H.264 முறையிலும் இருக்கலாம். H.264 வந்தது 2003-இல், HEVC வந்தது 2013-இல். சுருக்கிய படத்தை விரிப்பது டிவிக்குள் இருக்கும் சிப். அதற்கு முன் செய்த சிப்புக்கு HEVC தெரியாது. அதற்குப் பிறகு வந்த விலை குறைந்த டிவிகள் பலவற்றிலும் இல்லை. ஃபைலின் பெயரை மாற்றினாலும் பயனில்லை.

HEVC-யால் லாபம் இல்லாமல் இல்லை. ஏறக்குறைய அதே தெளிவு பாதி அளவில் கிடைக்கும். நாற்பது நிமிட வீடியோவைக் கணக்கிட்டுப் பாருங்கள். HEVC-யில் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் 1.2 ஜிபி. H.264-இல் 8 மெகாபிட் என்றால் 2.4 ஜிபி. பதினாறு ஜிபி பென்டிரைவில் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டா? மிச்சம் அனுப்புகிறவருக்கு, நஷ்டம் பார்க்கிறவருக்கு. இது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும்போது H.264, 1080p, நொடிக்கு 30 ஃப்ரேம், ஒலிக்கு AAC என்று தேர்ந்தெடுங்கள். போனில் HDR-இல் எடுத்திருந்தால் அதைச் சாதாரண SDR ஆக்கி, 8-பிட்டில் வெளியிடுங்கள். H.264 ஆனாலும் 10-பிட் என்றால் பழைய டிவிகள் பெரும்பாலும் காட்டாது.

பென்டிரைவையும் கவனியுங்கள். பழைய டிவிகள் பல FAT32 முறையில் ஃபார்மட் செய்ததை மட்டுமே படிக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. மேலே சொன்ன 8 மெகாபிட் கணக்கில் அது சுமார் எழுபது நிமிடம். முழுக் கல்யாண வீடியோ என்றால் முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்துப் போடுங்கள்.

"புது டிவி வாங்கிக் கொடுத்துவிடலாமே சார்" என்பீர்கள். வாங்கிக் கொடுங்கள், சந்தோஷம். ஆனால் எண்பது வயதில் புது ரிமோட்டைப் பழகுவது அவர்கள் பாடு. கோடெக்கை மாற்றுவது உங்களுக்கு எக்ஸ்போர்ட் திரையில் ஒரு தேர்வுதான். உங்கள் சேமிப்புக்கு HEVC பிரதி இருக்கட்டும். அதே எடிட்டிலிருந்து H.264-இல் இன்னொன்று எடுத்துப் பாட்டிக்கு அனுப்புங்கள்.

முழுதும் எக்ஸ்போர்ட் செய்யும் முன் ஒரு நிமிடத் துண்டு எடுத்து அந்த டிவியிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் ஓடியது என்பது சாட்சியாகாது.