மேப்பில் உங்கள் கடை எந்தத் தெருவில் இருக்கிறது?

மயிலாடும்பாறையில் என் சித்தப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வருசநாடு பக்கம் கிணற்று மோட்டார் புகைந்தால் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூரிலிருந்து வந்து தோட்டம் வாங்கியிருந்த ஒருவர் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூகுள் மேப் பார்த்து வந்தவர் போய் நின்றது, சித்தப்பா மூன்று வருஷத்துக்கு முன்பே காலி செய்த பழைய கடை வாசலில். போனில் ‘Closed’ என்று வேறு இருந்தது. பயிர் வாடுகிறதே என்று அப்படியே தேனிக்கு வண்டியை விட்டுவிட்டார். இங்கே சித்தப்பாவோ புதுக் கடையில் மத்தியானம் வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“நான் மேப்புல எதுவுமே போடலையேப்பா, யாரு போட்டது?” என்றார்.

யார் வேண்டுமானாலும் போடலாம். எப்போதோ ஒரு வாடிக்கையாளர் சேர்த்திருப்பார். அது நம் கடைதான் என்று நாம் உரிமை கோராதவரை, அந்தப் பழைய விவரமே நிற்கும். இதற்குக் கட்டணம் கிடையாது.

கடைக்கென்று ஒரு ஜிமெயில் கணக்கில் நுழைந்து, மேப்பில் கடை பெயரைத் தேடினோம். அதைத் தொட்டுக் கீழே வந்தால் ‘Claim this business’ என்று இருக்கும். பலர் இங்கே ஒரு தப்பு செய்வார்கள். பழையது கிடக்கட்டும் என்று புதிதாக ஒரு கடையைச் சேர்த்துவிடுவார்கள். பிறகு ஒரே கடை இரண்டு இடத்தில் தெரியும். பழையதையே உரிமை கோரி முகவரியை மாற்றுவதுதான் சரி. முன்பு வந்த ரிவ்யூக்களும் கூடவே இருக்கும்.

முகவரியில் ஊர்ப் பெயரோடு ஆண்டிபட்டி தாலுகா, தேனி மாவட்டம் என்று சேர்த்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு மயிலாடும்பாறை இருக்கிறது. பழங்கால இரும்புக் கருவிகள் கிடைத்ததாக 2022-ல் செய்தியில் வந்ததே, அந்த ஊர். அடுத்து வரைபடத்தைப் பெரிதாக்கி, சிவப்புக் குறியைக் கடையின் ஷட்டர் இருக்கும் இடத்துக்கே நகர்த்தினோம். கிராமத்தில் கதவு எண்ணைவிட இந்தக் குறிதான் வழி காட்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. போனா, மெயிலா, வீடியோவா என்பதைக் கூகுளே முடிவு செய்யும். எங்களுக்கு வீடியோ வந்தது. முதல் தடவை சித்தப்பா கடைக்குள் உட்கார்ந்தபடியே சுற்றிக் காட்டினார், ஏற்கவில்லை. அந்த வீடியோ மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன தொழில் நடக்கிறது, எடுப்பவருக்குக் கடையில் உரிமை உண்டா.

இரண்டாம் தடவை தெருவிலிருந்து தொடங்கினோம். பக்கத்துக் கடைகள், எங்கள் பெயர்ப் பலகை, சித்தப்பா சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே காயில் சுற்றும் மெஷின், தாமிரக் கம்பி என்று நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்தோம். அரை நிமிஷமாவது ஓட வேண்டும். ஏற்கெனவே எடுத்து வைத்ததை ஏற்ற முடியாது. அந்தப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். பேங்க் பாஸ்புக், அடுத்தவர் முகம் எதுவும் அதில் விழக் கூடாது. சில நாளில் சரிபார்ப்பு முடிந்தது.

பிறகு நேரம். காலை 9 முதல் 1, மாலை 3 முதல் 8 என்று இரண்டு துண்டாகப் போட்டோம். ஞாயிறு 1 மணி வரை. பொங்கல், ஊர்த் திருவிழா நாட்களுக்கு ‘Special hours’ தனியாக இருக்கிறது. கடைப் பெயரைப் பலகையில் உள்ளபடியே விட்டோம். ‘தேனியின் நம்பர் ஒன்’ என்றெல்லாம் சேர்த்தால் பக்கத்தையே முடக்கிவிடக்கூடும்.

உங்கள் கடையை வேறு யாரோ ஏற்கெனவே உரிமை கோரியிருந்தால், ‘Request access’ கொடுத்து அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது, முன்பு நமக்காகச் செய்துகொடுத்து மறந்துபோன தம்பியாகத்தான் இருக்கும். அதனால்தான் சொந்தக் கணக்கு முக்கியம். திருப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனை ‘Manager’ ஆக மட்டும் சேர்த்தோம், உரிமையாளர் சித்தப்பாதான். கூகுளிலிருந்து பேசுகிறோம் என்று போனில் யாராவது ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள்.

உரிமை கோரிவிட்டாலும் மற்றவர்கள் திருத்தம் சொல்ல முடியும். சில சமயம் அது மேப்பிலும் ஏறிவிடும். அதனால் மாதம் ஒரு முறை, வேறொருவர் போனில் உங்கள் கடையைத் தேடிப் பாருங்கள். சித்தப்பா அந்த வேலையை ஆட்டோக்காரரிடம் விட்டிருக்கிறார். “வாரவங்கள இறக்கிவிடுறது நீதானே மாப்ள, நீயே பாத்துச் சொல்லு!”