இரவு 1:47-க்கு வந்த செய்தி

கோத்தகிரிப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். எஸ்டேட்டில் என்னோடு இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். நாலு வயது இளையவர் என்பதால் இன்றும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மனைவி தவறிய பிறகு தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். பெயரை எழுத வேண்டாம் என்றார், மற்றதை எழுதச் சொல்லிவிட்டார். "நம்ம வயசுல இன்னும் நாலு பேருக்கு உதவும்ணே" என்றார். அதனால் எழுதுகிறேன்.

போன ஜனவரியில் ஒரு நாள் காலை எழுந்து போனைப் பார்த்தால், இரவு 1:47-க்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "அண்ணே தூங்கியாச்சா?" அவ்வளவுதான். நானும் வழக்கம்போல ஒரு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பிவிட்டு மறந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து இரவு 2:10-க்கு எதையோ அனுப்பி, அவரே அழித்திருந்தார். கேட்டதற்குக் கை தவறிவிட்டது என்றார். அடுத்த வாரம் ஒன்றரை மணிக்கு இப்படி வந்தது: "என் கவாத்துக் கத்தி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. நான் இனிமே எங்க எடுக்கப் போறேன்." அதன் பின்னாலேயே இன்னொன்று: "நீங்க செஞ்சதுக்கெல்லாம் நன்றி. யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது."

அன்று தற்செயலாக விழித்திருந்தேன். படித்ததும் கை குளிர்ந்தது. அது ஜனவரிக் குளிரால் அல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடு இரவில் செய்தி வருவதே ஆபத்தின் அடையாளம் ஆகிவிடாது. நம் வயதில் யாருக்குத்தான் முழுத் தூக்கம் வருகிறது? என் சம்பந்தி தினமும் மூன்று மணிக்கே பக்திப் பாட்டு அனுப்புவார், அவர் நன்றாகத்தான் இருக்கிறார். பார்க்க வேண்டியது மணியை அல்ல, அந்த ஆளின் வழக்கம் மாறியிருக்கிறதா என்பதை. என் நண்பருக்கு டைப் அடிப்பது பிடிக்காது, எதையும் பேசித்தான் அனுப்புவார். இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்திருக்கிறார். முன்பெல்லாம் அவர் பேச்சில் நாளைக்கு மழை வருமா, அடுத்த வாரம் கொழுந்துக்கு என்ன விலை என்று ஏதாவது இருக்கும். கொஞ்ச நாளாக நாளை என்ற ஒன்றே அதில் இல்லை. ஆசையாக வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிடுவது, காரணமில்லாமல் நன்றி சொல்வது, தான் பாரம் என்பது, எழுதி அழிப்பது இவையெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் சாதாரணம் இல்லை. அந்தச் செய்திகளைத் தனித்தனியாகப் படித்ததுதான் என் தவறு. மேலே தள்ளி முழுவதையும் ஒன்றாகப் படித்தபோதுதான் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன் இன்னொரு நண்பர் விஷயத்தில் நான் பதறிப்போய்ச் செய்ததையும் சொல்ல வேண்டும். அவர் "வாழ்ந்தது போதும்" என்று எழுதியிருந்தார். "என்ன பேச்சு இது, பேரன் பேத்தி எடுத்த வயசுல" என்று திட்டிப் பதில் போட்டேன். உடனே அவர் மகனுக்கு, மைத்துனருக்கு, எங்கள் ஓய்வு பெற்றோர் குழுவில் நாலைந்து பேருக்குச் சொன்னேன். விடிவதற்குள் அவர் வீட்டில் எட்டுப் பேர். அத்தனை பேர் முன்னால் அவர் "சும்மா விளையாட்டுக்கு எழுதினேன்" என்று சிரித்தார். அதன் பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் கஷ்டம் தீர்ந்ததா என்று யாருக்கும் தெரியாமலே போனது. பதற்றத்தில் நாம் செய்வதில் பாதி நம் பயத்தை இறக்கி வைப்பதற்காகத்தான். அவர் எழுதியது ஒருவரை நம்பி. அதை ஊர்கூடிப் பார்க்க வைத்தால் அடுத்த முறை எழுத மாட்டார்.

அதனால் இந்த முறை நான் அனுப்பியது இவ்வளவுதான்: "முழிச்சிட்டுத்தான் இருக்கேன் தம்பி. சொல்லு."

அவர் எழுத ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் திரையில் தெரிந்தது. நாலு நிமிஷம் ஒன்றும் வரவில்லை. நான் அவசரப்படவில்லை. பிறகு, "கொஞ்ச நாளா நீ ராத்திரியில எழுதறதப் பார்க்கறேன். கத்தியக் குடுக்கறேங்கற, பாரம்ங்கற. மனசு ரொம்பக் கஷ்டப்படுதோன்னு தோணுது. போன் பண்ணட்டுமா, இல்ல இப்படியே எழுதறியா?" என்று கேட்டேன். எழுதுகிறேன் என்றார். சிலருக்கு அந்த நேரத்தில் குரல் வராது. வற்புறுத்தாமல் அவர் போக்கிலேயே போவது நல்லது.

அடுத்துக் கேட்ட கேள்விதான் நம்மவர்கள் பயப்படும் கேள்வி. "உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் நினைக்கிறோம். அப்படி ஆவதில்லை என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களின் அனுபவம், ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. சுற்றி வளைத்து "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று கேட்டால்தான் கெடுதல். அந்தக் கேள்வியிலேயே "இல்லை" என்ற பதிலை நாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

"வருதுண்ணே" என்றார்.

"சொன்னது நல்லதாப் போச்சு. நான் இங்கதான் இருக்கேன்" என்று எழுதிவிட்டு, இன்றைக்கா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். நாள் எதுவும் குறிக்கவில்லை என்றார். ஆனால் கொட்டகையில் தேயிலைக்கு அடிக்க வாங்கிய மருந்து இருக்கிறது, அதன் நினைப்பே வருகிறது என்றார். எனக்கு இதுதான் முக்கியமான இடமாகப் பட்டது. இந்த எண்ணம் பலருக்கு அலைபோல உச்சத்துக்கு வந்து இறங்கும். அந்த உச்சத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் அவர் தப்பிவிட நல்ல வாய்ப்பு உண்டு. குன்னூரிலிருந்து அந்த நேரத்தில் நான் கிளம்ப முடியாது. வழியெல்லாம் காட்டெருமை நிற்கும். "பக்கத்து வீட்டுத் தம்பதிகிட்ட நான் பேசறேன். அந்த மருந்து இன்னிக்கு அவங்க வீட்டுல இருக்கட்டும். சரியா?" என்று கேட்டேன். சரி என்றதும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போன் செய்தேன். அவர்கள் போய் மருந்தை எடுத்துக்கொண்டு, காலைவரை அவரோடு டீ போட்டுக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் முதல் பஸ்ஸில் போனேன். அந்த வாரமே இருவரும் ஊட்டியில் மனநல மருத்துவரைப் பார்த்தோம்.

"மகன்கிட்டச் சொல்லிடாதீங்கண்ணே" என்று அவர் கேட்டதும் உண்மை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. "உன்னக் கேக்காம சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும்" என்றேன். பத்து நாள் கழித்து அவரே மகனிடம் பேசினார்.

அந்த இரவோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் நடத்திய ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. அந்த ஐந்தில் நம் சென்னையும் ஒன்று. உயிரை மாய்க்க முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். முதல் மூன்று மாதத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. ஒன்றரை வருட முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 பேர். விசாரித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், என்னைப் போன்ற ஆள் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் பாசமாகப் பொழிந்துவிட்டு மறந்துபோவதைவிட, கொஞ்சமாக, விடாமல் விசாரிப்பது மேல். முதல் வாரம் தினமும் எழுதினேன், பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று, இப்போது ஞாயிறுதோறும். "எங்க வீட்டுல அவரை காய்ச்சிருக்கு, உனக்கு நாலு வெச்சிருக்கேன். பதில் போடணும்னு இல்ல" என்ற மாதிரிதான் எழுதுவது. புத்திமதி கிடையாது, மாத்திரை போட்டாயா என்ற விசாரணையும் கிடையாது.

பதறக் கூடாது என்றால் மெதுவாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஏதாவது செய்துகொண்டேன் என்றாலோ, இன்றைக்குத்தான் என்று முடிவு செய்து கையில் பொருளோடு இருக்கிறார் என்றாலோ, பதில் வருவது திடீரென்று நின்றாலோ, அவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள். முடிந்தவரை அவரோடு தொடர்பை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்கி நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

நமக்கே என்ன சொல்வதென்று தெரியாத இரவுகளுக்கு டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. இலவசம், நாள் முழுவதும் உண்டு, தமிழில் பேசலாம். கஷ்டத்தில் இருப்பவர் மட்டுமல்ல, அவருக்காகக் கவலைப்படுகிறவரும் அழைக்கலாம். சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவின் எண் 044-24640050. இரண்டையும் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு இரவு 9:20-க்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது, பழையபடி பேசியே அனுப்பியிருந்தார். "அண்ணே, அந்தக் கவாத்துக் கத்தியத் திருப்பிக் குடுங்க. கீழ்த் தோட்டத்துல கொஞ்சம் வேலை கிடக்கு." அடுத்த நாளே எடுத்துக்கொண்டு போனேன்.