கத்திரி வெயிலில் தளம் போடலாமா? கீழவாஞ்சூர் வீடுகளுக்கு 40 டிகிரி கணக்கு

காரைக்கால் துறைமுகம் இருக்கும் கீழவாஞ்சூரில், மே மாதத்தில் வீட்டுக்குத் தளம் போடுவோர் கவனிக்க வேண்டியது கலவையின் சூடு. கொட்டும்போது அது 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 7861. இதே தர நிர்ணயம் 5 டிகிரிக்குக் கீழான குளிருக்கும் விதி வைத்திருக்கிறது. ஆனா அந்தக் கவலை இந்தக் கடலோரத்துக்கு இல்லை.

சூடு ஏறினால் என்ன ஆகும்?

கலவை சீக்கிரம் இறுகும். கொத்தனார் இளக்க இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அங்கேதான் தளத்தின் பலம் குறைகிறது. காற்றும் சேர்ந்தால் மேற்பரப்பு ஈரம் வேகமாகப் பறக்கும். இறுகும் முன்பே மேலே விரிசல் தெரிந்தால், அதுதான் அடையாளம். உடனே மட்டப்பலகையால் தேய்த்து மூடி, ஈரச்சாக்கு போர்த்தணும்.

எப்படித் தவிர்ப்பது?

கலவையில் பெரும்பங்கு ஜல்லியும் மணலும்தான். அதனால் ஜல்லியை நிழலில் வைத்து, தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கலாம். அந்த ஈரத்தைக் கலவைத் தண்ணீரில் கழிக்க வேண்டும். வேலையை மாலையில் தொடங்கலாம்.

கியூரிங் எத்தனை நாள்?

சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள் போதும். வறண்ட வெயிலில் குறைந்தது 10 நாள் என்கிறது ஐ.எஸ். 456. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் 14 நாள் நல்லது. பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர் உப்பாக இருக்கக் கூடாது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர் லாரியில் வந்தாலும் அந்தச் செலவு மிச்சம்தான்.