ஒரு டாலர் பிளேடு!
பெரிய கம்பெனியைக் கலங்க வைத்த சின்னக் கம்பெனி

சவரம் செய்துகொள்ள மாதம் எவ்வளவு செலவாகிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஒருவர் பெரிய கம்பெனி ஒன்றையே கலங்க வைத்தார். அவர் பெயர் மைக்கேல் டியூபின். அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் "டாலர் ஷேவ் கிளப்". ஒரு டாலர் சவரச் சங்கம் என்று சொல்லலாம்.

எதிரே நின்ற கம்பெனி லேசானது அல்ல. அது ஜில்லெட். 1901-ல் தொடங்கிய கம்பெனி. 2010-ல் அமெரிக்காவில் ஆண்கள் சவரத்துக்கு வாங்கிய சாமான்களில், நூற்றுக்குச் சுமார் எழுபது பங்கு அந்தக் கம்பெனியுடையது. விளம்பரத்துக்கு டென்னிஸ் வீரர் ரோஜர் பெடரர் வருவார். டியூபினிடம் அதற்கெல்லாம் பணம் ஏது?

மக்களின் மனக்குறை

அமெரிக்கக் கடைகளில் சவரக் கத்தியின் கைப்பிடி மலிவு. அதில் மாட்டுகிற பிளேடுத் தலைதான் விலை அதிகம். ஒரு தலைக்கு மூன்று, நான்கு டாலர் வரை ஆகும். திருட்டுப் போகிறது என்று பல கடைகளில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள். கடைச் சிப்பந்தியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லி வாங்கவேண்டும்.

"ஒரு பிளேடுக்கு இவ்வளவு விலையா?" என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வாங்கினார்கள். வேறு வழி தெரியவில்லை.

டியூபின் இந்த முணுமுணுப்பைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஒன்றரை நிமிடப் படம்

2012 மார்ச் மாதம், யூடியூபில் ஒரு படம் வெளியிட்டார். ஒன்றரை நிமிடம்தான் ஓடும். செலவு சுமார் 4,500 டாலர். நடிகர் யாரும் இல்லை. டியூபினே தமது கிடங்குக்குள் நடந்தபடி பேசினார். மாதம் ஒரு டாலர், நல்ல பிளேடு உங்கள் வீட்டுக்கே வரும். அவர் சொன்னதன் சாரம் அவ்வளவுதான். நடுநடுவே வேடிக்கை. பெரிய கம்பெனிக்கு நீங்கள் கொடுக்கும் இருபது டாலரில் பத்தொன்பது பெடரருக்குப் போகிறது என்று ஒரு கிண்டல்.

மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். கூட்டம் தாங்காமல் கம்பெனியின் இணையதளமே நின்றுவிட்டது. முதல் இரண்டு நாளில் சுமார் 12,000 ஆர்டர்கள் வந்தன.

சிரிப்புக்காகவா வாங்கினார்கள்? இல்லை. படம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பணம் கட்டியவர்கள் அந்தச் சொல்லை நம்பியதால் கட்டினார்கள்.

ஏன் நம்பினார்கள்?

"உலகிலேயே சிறந்த பிளேடு" என்று டியூபின் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதைத்தான் எல்லாக் கம்பெனிகளும் சொல்கின்றனவே! அவர் சொன்னது விலை. விலை ஏன் குறைவு என்ற காரணமும் படத்திலேயே இருந்தது. கடை இல்லை, நட்சத்திர விளம்பரம் இல்லை, கிடங்கிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறது. காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் நம்பிக்கை வரும்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. பிடிக்கவில்லையென்றால் உடனே நிறுத்திக்கொள்ளலாம். போனால் சில டாலர்தான் போகும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு டாலர் திட்டத்தில் மாதம் ஐந்து பிளேடுத் தலைகள். தபால் செலவு தனியாக இரண்டு டாலர். ஆக மூன்று டாலர். ஒரு தலைக்கு அறுபது சென்ட் விழுகிறது. கடையில் மூன்று டாலருக்குக் கிடைப்பது ஒரே தலை!

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். டாலர் திட்டத்தில் வந்தது இரட்டை பிளேடு. நான்கு பிளேடு வேண்டுமானால் ஆறு டாலர். ஆறு பிளேடு வேண்டுமானால் ஒன்பது டாலர். ஒரு தலையையே மாதம் முழுவதும் ஓட்டுகிற சிக்கனக்காரருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. அடிக்கடி மாற்றுகிறவருக்குத்தான் லாபம். தபால் செலவையும் மேல் விலைகளையும் ஒளித்திருந்தால், முதல் மாதமே வாக்குறுதி பொய்த்திருக்கும்.

பெரியவன் ஏன் திணறினான்?

ஜில்லெட்டும் ஒரு டாலருக்கு விற்றிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது! அப்படி விற்றால், அதிக விலைக்கு விற்றுக்கொண்டிருக்கும் தன் பிளேடின் லாபத்தைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். பிளேடு விற்றுப் பிழைக்கும் கடைக்காரர்களும் கோபித்துக்கொள்வார்கள். சின்னவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. பெரியவனுக்கு எல்லாம் இருந்தது.

ஆகவே பதில் தாமதமாகத்தான் வந்தது. 2015-ல் ஜில்லெட்டும் வீட்டுக்கே பிளேடு அனுப்பத் தொடங்கியது. 2017-ல் அமெரிக்காவில் விலையைச் சராசரியாக நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைத்தது. அதற்குள் அதன் எழுபது பங்கு அறுபதுக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்கிடையே, 2016-ல் யூனிலீவர் கம்பெனி டியூபினின் சங்கத்தை நூறு கோடி டாலருக்கு வாங்கியது.

வாக்குறுதியின் எல்லை

இத்துடன் கதை முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். முடியவில்லை.

அந்த பிளேடுகளைச் சங்கம் தானே செய்யவில்லை. தென் கொரியாவின் டார்கோ கம்பெனி செய்தது. அதே கம்பெனியிடம் வேறு யாரும் வாங்கலாம். 2013-ல் ஹாரிஸ் என்ற இன்னொரு கம்பெனி வந்தது. அதுவும் குறைந்த விலை, வீட்டுக்கே தபால் என்றது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஒரு பிளேடுத் தொழிற்சாலையை வாங்கிவிட்டது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

மலிவு விலை என்ற சொல்லை இப்போது பலர் சொன்னார்கள். எல்லாரும் சொன்ன பிறகு அதற்குப் பழைய கூர்மை ஏது? 2023-ல் யூனிலீவர் சங்கத்தின் பெரும் பங்கை ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

ஒரு சின்னக் கம்பெனியின் வாக்குறுதி பலித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை பேர் படம் பார்த்தார்கள் என்று எண்ணினால் தெரியாது. முதல் மாதம் வாங்கியவரில் எத்தனை பேர் நான்காம் மாதமும் வாங்குகிறார்கள் என்று எண்ணவேண்டும். படம் முதல் பெட்டியைத்தான் விற்கும். நான்காவது பெட்டியை விற்பது, முதல் பெட்டிக்குள் இருந்த பிளேடுதான்!