விலகியவர் பெயர் இன்னும் இருக்கிறது

விருத்தாசலத்தில் பியூஸ் கேரியர் செய்யும் பீங்கான் நிறுவனம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே பணிபுரிவோர் 12 பேர். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் முன்பணம் அனுப்புமுன் லிங்க்டின் தளத்தில் அந்நிறுவனத்தைத் தேடுகிறார். ஊழியர்களாக ஐந்து பேர் தெரிகின்றனர். அவர்களுள் தரப் பரிசோதகருக்குச் செய்தி அனுப்பினால், "நான் விலகி இரண்டாண்டு ஆகிறதே!" என்று பதில் வருகிறது. சரக்கில் குறையில்லை, ஆயினும் சந்தேகம் விழுந்துவிட்டது.

பிழை எங்கே நேர்ந்தது? அந்த ஐவருள் இருவர் விலகிச் சென்றவர்கள். விலகிய நாளைத் தம் பக்கத்தில் குறிக்காததால், அவர்கள் பெயருக்கு நேரே இன்னும் Present என்றே நிற்கிறது. பணியிலுள்ள வேறு நால்வருக்கும் பக்கம் உண்டு. ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அவர்கள் சேரவில்லை. தளம் காட்டும் பட்டியலிலிருந்து நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல், தாமே தட்டச்சு செய்துவிட்டதே காரணம். நமது ஊர்ப்பெயரையே ஒருவர் Vriddhachalam என்றும் மற்றொருவர் Virudhachalam என்றும் எழுதுகிறார். நிறுவனப் பெயரில் ஊர்ப்பெயரும் இருந்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். நிறுவனச் சின்னத்திற்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கட்டம் தெரிந்தால், இணைப்பு விழவில்லை என்று அறியலாம்.

நால்வரும் பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்து, விலகிய இருவரும் முடிவு நாளைப் பதிந்தால், ஐந்து என்பது ஏழாகும். அந்த ஏழு பேரும் மெய்யாகவே பணியில் இருப்பவர்கள்.

வேலை தேடும் இளைஞரும் இதே பக்கத்தைப் பார்க்கிறார். பயிற்சியாளராகச் சேர்ந்தவர் இன்று சூளை மேற்பார்வையாளர். அவரது பக்கமோ இன்னும் பயிற்சியாளர் என்கிறது. இங்கே உயர்வுக்கு வழியில்லை போலும் என்று பீங்கான் தொழில்நுட்பம் பயின்ற மாணவர் எண்ணினால், அவரைக் குறைகூற இயலுமா? பழைய பதவியை அழிக்காமல் முடிவு நாளிட்டு, அதன்மேல் புதிய பதவியைச் சேர்த்தால், அவர் வளர்ந்த வரலாறு தானே விளங்கும்.

பக்கத்தைத் திருத்தினால் வேறு வேலை தேடுவதாக முதலாளி நினைப்பாரோ என ஊழியர் தயங்குவதுண்டு. முதலாளியே முன்வந்து, வேலை நேரத்தில் அரைமணி ஒதுக்கினால் அந்தத் தயக்கம் நீங்கும். திருத்தும்போது Notify network என்பதை அணைத்துவிட்டால் ஊருக்கெல்லாம் அறிவிப்புப் போகாது. ஆனால் அந்தப் பக்கம் ஊழியருக்கு உரியது. கடவுச்சொல்லைக் கேட்பதும், பார்க்காத பதவியை எழுதச் சொல்வதும் முறையன்று. கணக்கே இல்லாத ஐவரைத் தொடங்குமாறு வற்புறுத்தவும் கூடாது.

ஒருவர் விலகும்போது கணக்கு முடித்துக் கொடுக்கிறோம் அல்லவா? அன்றே, "உங்கள் பக்கத்திலும் முடிவு நாளைக் குறித்துவிடுங்கள், தம்பி" என்று சொல்லிவிடுவது நலம். பிற்பாடு அவரைத் தேடிப்பிடிப்பது கடினம். அவரது பக்கத்தை நிறுவனம் தானே திருத்தவும் இயலாது.