வரிக்கு வரி காப்பி அடித்தால் டெஸ்ட் கேஸா?

சாஃப்ட்வேர் டெஸ்டராகப் புதிதாகச் சேர்ந்தவர் கையில் ஒரு ரிக்வயர்மென்ட் டாகுமென்டைக் கொடுத்து, "படிச்சிட்டு டெஸ்ட் கேஸ் எழுதிடுங்க" என்பார் டீம் லீட். பல இடங்களில் பயிற்சி என்பதே அவ்வளவுதான். புதியவர் என்ன செய்வார், பாவம்? எக்செல்லைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'வெரிஃபை தட்' என்று ஒட்டிவிடுவார். 40 வரிக்கு 40 டெஸ்ட் கேஸ். ஒரு வரியும் விடுபடவில்லை, எனவே 100% கவரேஜ்! மேனேஜருக்கும் சந்தோஷம்.

சுத்த ஏமாற்று வேலை இது. எப்படி என்று பார்ப்போம்.

ஓர் ஆன்லைன் கடையின் டாகுமென்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 10% தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய்." காப்பி அடித்தவர் 600 ரூபாய்க்கு வாங்கிப் பார்ப்பார். 60 ரூபாய் கழியும். பாஸ்!

ஆனால் டெவலப்பர் `>` போடவேண்டிய இடத்தில் `>=` போட்டிருந்தாலும் 600 பாஸ்தான் ஆகும். தப்பு ஒளிந்திருப்பது விளிம்பில். 499, 500, 501 மூன்றையும் போட்டால்தான் மாட்டும். அதேபோல் தள்ளுபடி 100 ரூபாயைத் தொடுவது 1000 ரூபாய் பில்லில். அங்கே 990, 1000, 1010 வேண்டும். 1010க்கு 101 ரூபாய் கழிந்தால் உச்சவரம்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நடுவில் 600, 700, 800 என்று அடுக்குவது வெட்டி வேலை, மூன்றும் சொல்வது ஒன்றையேதான்.

இனிதான் முக்கியமான விஷயம். எதிர்பார்க்கும் விடை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் "சரியாக வரவேண்டும்" என்று எழுதக் கூடாது, எண்ணை எழுதவேண்டும். எண் வரவில்லை என்றால் ஓட்டை டாகுமென்டில் இருக்கிறது!

உதாரணமாக, 400 ரூபாய் சட்டை, 200 ரூபாய் துண்டு. தள்ளுபடி போக வாடிக்கையாளர் கட்டியது 540. மறுநாள் துண்டைத் திருப்பித் தருகிறார். எவ்வளவு திருப்பவேண்டும்? துண்டின் பங்குத் தள்ளுபடியைக் கழித்தால் 180. மீதி 400க்குத் தள்ளுபடியே கிடையாது என்றால் 140. முழு 200ஐக் கொடுத்தால் கடைக்கு நஷ்டம். எது சரி? டாகுமென்ட் வாய் திறக்கவில்லை. 100% கவரேஜ் ஷீட்டிலும் இந்தக் கேள்வி இல்லை.

"எழுதியிருப்பதை டெஸ்ட் பண்ணினால் போதும், மீதி டெஸ்டர் வேலை இல்லை" என்று சிலர் சொல்வார்கள். கோடு எழுதும் முன் கேட்டால் இது ஒரு மெயிலில் முடிகிற விஷயம். கேட்காவிட்டால், டெவலப்பர் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார். பிறகு வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போது "டெஸ்டிங்கில் ஏன் பிடிக்கலை?" என்று அதே புதியவரைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள். 100% என்று கைதட்டிய மேனேஜர் அப்போது எங்கே இருப்பாராம்?